கொதித்த நீரும் கலந்த நீரும்

விடுதியில் 4 மாணவர்களுக்கு மஞ்சள் காமாலை வந்ததும் வார்டன் அறிவிப்பு ஒட்டினார்: "கொதிக்க வைத்த நீரையே குடிக்கவும்." மெஸ்ஸில் அண்டா அண்டாவாக வெந்நீர் காய்ந்தது. ஆனால் பரிமாறும்போது, சூடு தணியட்டும் என்று குழாயிலிருந்து இரண்டு சொம்பு பச்சைத் தண்ணீரைச் சேர்த்தார்கள். கொதிக்க வைத்ததன் பலன் அங்கேயே போய்விட்டது.

விடுதிகளில் அதிகம் பரவுவது ஹெபடைடிஸ் ஏ. கழிவுநீர் கலந்த குடிநீரில் வரும் வைரஸ் இது. தண்ணீர் தளதளவென்று கொதித்தபின் ஒரு நிமிடமாவது அடுப்பில் இருக்க வேண்டும். பிறகு மூடிவைத்துத் தானாக ஆறவிட வேண்டும். டம்ளரை உள்ளே விட்டு மொள்ளக் கூடாது. குழாய் வைத்த பாத்திரமே நல்லது.

தொற்றியபின் நோய் தெரிய சுமார் 4 வாரங்கள், சிலருக்கு 7 வாரங்கள்கூட ஆகும். ஆகவே இன்று தொட்டியைக் கழுவிக் குளோரின் போட்டாலும் அடுத்த மாதம் புதிதாகச் சிலர் படுப்பார்கள். அதைக் கண்டு வெந்நீரை நிறுத்திவிடாதீர்கள். கண் மஞ்சளாகும் முன்பே நோயாளியின் மலத்தில் வைரஸ் மிகுதியாக வெளியேறும். அதனால் காமாலை வந்தவர்கள் மட்டுமல்ல, எல்லோருமே கழிப்பறை போனபின் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். இந்த வரியையும் வார்டன் இரண்டாம் அறிவிப்பில் சேர்த்தார்.