பீமுக்கும் சீலிங்குக்கும் நடுவே 40 சென்டிமீட்டர்

ஓர் அலுவலகக் கட்டடத்தின் நான்காம் தளத்தை எடுத்துக்கொள்வோம். பீமின் அடிப்பகுதி தரையிலிருந்து 3 மீட்டர் உயரம். ஃபால்ஸ் சீலிங் வரவேண்டியது 2.6 மீட்டரில். மிஞ்சுவது 40 சென்டிமீட்டர். ஏசி டக்ட்டின் உயரம் 35, அதன் மேலும் கீழும் ஒட்டும் இன்சுலேஷன் 5. ஆக, விளக்குக்கும் சீலிங் சட்டத்துக்கும் இடமே இல்லை.

மூன்று அணிகளும் கூடிப் பேசுகின்றன. பீமில் துளை விட்டால் டக்ட் அதன் வழியே போய்விடும் என்கிறார் மெக்கானிக்கல் இன்ஜினியர். ஸ்ட்ரக்சரல் இன்ஜினியர் மறுக்கிறார். அந்த இடம் தூணை ஒட்டியது. பீமில் வெட்டுவிசை பொதுவாக அங்கேதான் அதிகம். கடைசியில் டக்ட்டைத் தட்டையாக்குவது என்று முடிவாகிறது. 60 அகலம், 35 உயரம் என்றிருந்தது 85 அகலம், 25 உயரம் ஆகும். காற்று போகும் பரப்பு ஏறக்குறைய அதேதான், ஆனால் உராய்வு கூடும். ஃபேன் அதைச் சமாளிக்குமா என்று பார்க்க வேண்டும். டக்ட் அகலமாவதால் பக்கத்தில் ஓடும் கேபிள் ட்ரேயும் நகர வேண்டும்.

“டக்ட் பிரச்சினை விவாதிக்கப்பட்டது. உரிய நடவடிக்கை எடுக்கப்படும்.” மினிட்ஸில் இப்படி எழுதினால், மூவரும் மற்ற இருவருக்காகக் காத்திருப்பார்கள்.

பயன்படும் பதிவு வேறு மாதிரி இருக்கும்: “உருப்படி 7.3. நான்காம் தளம், கிரிட் சி-5. பீமில் துளை கிடையாது. ஃபேன் அழுத்தத்தைச் சரிபார்த்து, திருத்திய டக்ட் டிராயிங் தருபவர் மெக்கானிக்கல் இன்ஜினியர், 12-ஆம் தேதி. அதைப் பார்த்து ட்ரேயை நகர்த்தி டிராயிங் தருபவர் எலக்ட்ரிக்கல் இன்ஜினியர், 15-ஆம் தேதி. துளையில்லை என்பதை பீம் டிராயிங்கில் உறுதிசெய்பவர் ஸ்ட்ரக்சரல் இன்ஜினியர், 18-ஆம் தேதி.” ஒவ்வொரு பதவியோடும் ஒருவருடைய பெயர் இருக்க வேண்டும். ‘மெக்கானிக்கல் டீம்’ என்று போட்டால் யாரைக் கூப்பிட்டுக் கேட்பது?

இந்தத் தேதிகள் பின்னாலிருந்து எண்ணி வந்தவை. பீமுக்கு கான்கிரீட் போடுவது 25-ஆம் தேதி என்றால், ஃபேன் போதாது என்ற சேதி அதற்கு வெகு முன்பே வந்தாக வேண்டும். கான்கிரீட் இறுகியபின் துளையிட்டால் உள்ளிருக்கும் கம்பி அறுபடும் அபாயம் உண்டு.

1981 ஜூலை 17-இல் அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் ஹயாட் ரீஜென்சி ஹோட்டலின் நடைபாலங்கள் இடிந்து 114 பேர் இறந்தார்கள். பாலங்களைத் தாங்கிய நீளக் கம்பிக்குப் பதில் இரண்டு கம்பிகள் என்று மாற்றியதில் ஓர் இணைப்பின் மேல் சுமை இரட்டிப்பாகியிருந்தது. அந்த மாற்றத்துக்குத் தொலைபேசியில் ஒப்புதல் கிடைத்தது என்றது இரும்பு வேலை செய்த தரப்பு. வடிவமைத்த இன்ஜினியர்கள் மறுத்தார்கள்.

அடுத்த கூட்டம் 7.3-இல்தான் தொடங்க வேண்டும். ‘முடிந்தது’ என்று யாரும் வாயால் சொன்னால் போதாது. திருத்திய டிராயிங்கின் எண்ணும் தேதியும் எதிரே ஏறிய பிறகே அந்த வரியை மூடலாம். ஃபேன் போதவில்லையென்றால் அதே எண்ணில், புதுத் தேதியோடு அது திறந்தே இருக்கும்.