பால் தேநீரும் சட்டித் தயிரும்: வயிற்றூதலின் காரணத்தைப் பிரித்தறிதல்

திருகோணமலை மாவட்டத்தில் வயிற்றூதலுக்காக மருத்துவரிடம் வருவோரில் பலர், வருத்தத்தைச் சொல்வதற்கு முன்பே அதன் காரணத்தையும் தாமே முடிவு செய்துகொண்டு வருகின்றனர். பால் ஒத்துக்கொள்ளவில்லை என்பதே அந்த முடிவு. அதன்படி பாலும் தயிரும் ஒன்றாக நிறுத்தப்பட்டிருக்கும், மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஒமிப்ரசோல் மாதக்கணக்கில் விழுங்கப்பட்டிருக்கும், வயிறோ முன்போலவே ஊதிக்கொண்டிருக்கும். இம்முடிவில் பாதி உண்மை இருப்பதுதான் தொல்லை. முழுப் பொய்யாக இருந்திருந்தால் அவர்கள் இன்னும் விரைவில் வந்திருப்பார்கள்.

பால் செரியாமை நோயன்று

பாலில் இயற்கையாக உள்ள சர்க்கரை லக்டோஸ் எனப்படும். அதனைச் சிறுகுடலின் உட்சுவரில் சுரக்கும் லக்டேஸ் என்ற நொதியம் இரண்டாகப் பிளந்தால்தான் உடல் உறிஞ்சிக்கொள்ள முடியும். தாய்ப்பால் குடிக்கும் வயதில் நிறைந்திருக்கும் இந்நொதியம், பால்குடி மறந்த பின்னர் படிப்படியாகக் குறைவது பாலூட்டிகளின் பொது இயல்பாகும்; வளர்ந்த பின்னும் அது குறையாதிருப்பது வட ஐரோப்பா போன்ற சில பகுதிகளின் மக்களிடம் மிகுதியாகக் காணப்படும் மரபுவழி விதிவிலக்கு. இலங்கையரின் குடலில் லக்டேஸ் குறைபாடு பற்றிச் செனிவிரத்னவும் உடன் ஆய்வாளர்களும் 1977இல் வெளியிட்ட ஆய்வும் வளர்ந்தோரில் பெரும்பான்மையினர் அக்குறைவு உடையோரே என்று காட்டியது.

இதிலிருந்து பெறப்படும் முடிவை மக்கள் தலைகீழாகப் புரிந்துகொள்கின்றனர். நொதியம் குறைந்திருப்பது ஊரில் பெரும்பாலோருக்குப் பொதுவானது என்றால், ஒருவருக்கு அது குறைந்திருப்பதைக் கண்டுபிடிப்பதனால் அவருடைய ஊதலுக்கு அதுவே காரணம் என்று நிறுவப்பட்டதாகாது. நொதியம் குறைந்தவரும் ஒரு வேளையில் 12 கிராம் லக்டோஸை, அதாவது ஏறத்தாழ ஒரு கோப்பைப் பாலில் உள்ள அளவை, பெரும்பாலும் தொல்லையின்றி ஏற்றுக்கொள்வார். உணவோடு சேர்த்துக் குடித்தால் இன்னும் எளிதாக ஏற்றுக்கொள்வார். அந்த எல்லை கடக்கும்போது செரியாத சர்க்கரை பெருங்குடலை அடைந்து, அங்குள்ள பாக்டீரியாக்களால் நொதிக்கப்பட்டு, ஐதரசன் முதலிய வாயுக்களாக மாறுகிறது. நீரையும் குடலுக்குள் இழுக்கிறது. பால் குடித்து அரை மணி முதல் சில மணி நேரத்துக்குள் வயிறு இரைதல், கீழ்வயிறு உப்புதல், வாயு பிரிதல், தண்ணீராக மலம் போதல் ஆகியன தோன்றுவதற்கு இதுவே காரணம்.

தயிர் சொல்லும் சாட்சி

இம்மாவட்டத்தவருக்குக் காரணத்தைப் பிரித்தறிய ஒரு நல்ல வழி கைக்கெட்டிய தூரத்திலேயே இருக்கிறது. கிண்ணியாவிலும் மூதூரிலும் இருந்து மண்சட்டியில் வரும் எருமைத் தயிரே அது. காய்ச்சி ஆறவைத்த பாலில் உறை ஊற்றி ஓர் இரவு விடும்போது, உறையிலுள்ள பாக்டீரியாக்கள் லக்டோஸில் ஏறத்தாழக் கால்பங்கை உண்டு புளிப்பாக மாற்றிவிடுகின்றன. அத்துடன் அவை உயிருடன் வயிற்றுக்குள் செல்வதால், தம்மிடமுள்ள நொதியத்தைக் குடலிலும் வழங்கி, எஞ்சிய லக்டோஸையும் உடைக்க உதவுகின்றன. தயிர் கெட்டியாக இருப்பதால் இரைப்பையை விட்டு மெல்லவே இறங்குகிறது. நொதியத்துக்கு வேலை செய்ய அவகாசமும் கிடைக்கிறது. எனவே ஒரு குவளைப் பாலுக்கு ஊதுகின்ற வயிறு, புளித்த சட்டித் தயிரில் நாலைந்து கரண்டியைப் பொதுவாகப் பொறுத்துக்கொள்ளும்.

பாலுக்கு ஊதி, தயிருக்கு ஊதாதவரிடம் லக்டோஸ் ஒவ்வாமையை நியாயமாகச் சந்தேகிக்கலாம். பாலைவிடத் தயிருக்கே கூடுதலாக ஊதுகிறவரின் காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும். எருமைத் தயிரில் கொழுப்பு மிகுதி. கொழுப்பு இரைப்பையை மெதுவாக்குவதால் மேல்வயிறு நெடுநேரம் கனத்துக் கிடக்கும், ஆனால் அது லக்டோஸின் செயலன்று. சாப்பாட்டுக்குப் பின் வலது விலாவுக்குக் கீழே பிடித்திழுக்கும் வலி பித்தப்பைக் கல்லாக இருக்கக்கூடும். தயிரை யாரும் தனியே உண்பதுமில்லை. பருப்பு, கௌபி, வெங்காயச் சம்பல், பலாக்கொட்டை எல்லாம் சேர்ந்த மதிய உணவின் கடைசியில் அது வருவதால், முன்னே சென்றவை செய்த குற்றத்துக்கும் அதுவே பிடிபடுகிறது. பருப்பு வகைகளிலும் வெங்காயத்திலும் உள்ள சில சர்க்கரைகளை எந்த மனிதக் குடலும் செரிப்பதில்லை. அவையும் பெருங்குடலில் அதேபோல் நொதித்து வாயுவாகின்றன.

பால் ஒவ்வாமை என்று பொதுவாகச் சொல்லப்படுவதில் இன்னொன்றும் கலந்துவிடுகிறது. பாலின் புரதத்துக்கு எதிராக உடலின் எதிர்ப்புச் சக்தி கிளர்ந்தெழுவது முற்றிலும் வேறு நோய். அது பெரும்பாலும் கைக்குழந்தைகளிடம் தடிப்பு, வாந்தி, மலத்தில் இரத்தம் என வெளிப்படும். அதற்குச் சிறு துளிப் பாலும் போதும், தயிரும் விலக்கன்று.

விடியற்காலைத் தேநீர்: ஒரு கணக்கு

நாற்பத்தெட்டு வயதுத் தொழிலாளி ஒருவர் விடியற்காலை துறைமுக வேலைக்குப் போகுமுன் ஒரு பால் தேநீரும் ஒரு பணிஸும் எடுத்துக்கொள்கிறார் என்றும், காலை எட்டு மணிக்குள் வயிறு இரைந்து இரண்டு முறை இளகிப் போகிறது என்றும் வைத்துக்கொள்வோம். தேநீரில் குவித்த இரண்டு தேக்கரண்டிப் பால்மா ஏறத்தாழ 12 கிராம். பால்மாவில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் லக்டோஸ் என்பதால், அவர் குடித்தது நாலரைக் கிராம் அளவே. பெரும்பாலோரின் எல்லையில் அது பாதிகூட இல்லை, அதுவும் பணிஸுடன் உட்கொண்டது. பாலைக் குற்றவாளியாக்க இக்கணக்கு இடந்தரவில்லை.

அவர் அத்தேநீரோடு இன்னொன்றையும் விழுங்குகிறார்: நீரிழிவுக்கான மெட்ஃபோமின் குளிகை. வயிற்றூதலும் இளகிய மலமும் அக்குளிகையின் மிகப் பரவலான பக்கவிளைவுகள் என்பதையும், அரைகுறை வயிற்றில் எடுத்தால் அவை கூடும் என்பதையும் கேட்டறியாமல் பாலை நிறுத்துவதில் பயனில்லை. இரண்டு வாரம் பால்மாவை மட்டும் விட்டு, மற்ற எதையும் மாற்றாமல் இருந்து பார்த்தால் ஊதல் அப்படியே தொடரும். மதியம் உண்ணும் சட்டித் தயிர் ஒரு தொல்லையும் தராததையும் அவரே கவனிப்பார். கிளினிக்கில் இதைச் சொன்னால் குளிகையை நிறை உணவோடு எடுக்குமாறு மாற்றவோ, மெல்லக் கரையும் வகையைத் தரவோ மருத்துவரால் முடியும். தாமாகக் குளிகையை நிறுத்துவது மட்டும் கூடாது.

இதே இரண்டு வாரத்தில் ஊதல் முற்றாக நீங்கி, மீண்டும் ஒரு குவளைப் பால் குடித்ததும் திரும்பி வந்திருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கும். விடுவதும் மீண்டும் குடித்துப் பார்ப்பதும் சேர்ந்ததே சோதனை. பலர் முதற்பாதியோடு நின்றுவிடுகின்றனர். மூச்சில் ஐதரசனை அளக்கும் பரிசோதனையும் உண்டு. பெரும்பாலோருக்கு அது தேவைப்படாது.

கைவைத்தியமும் கடைமருந்தும்

ஒமிப்ரசோல் இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் மருந்து. லக்டோஸ் வாயுவாக மாறுவதோ பல மீட்டர் கீழே, அமிலத்துக்குச் சற்றும் தொடர்பில்லாத பெருங்குடலில். 'காஸ்' என்ற ஒரே சொல்லால் நெஞ்செரிவையும் வயிற்றூதலையும் வாயு பிரிதலையும் அழைக்கும் வழக்கமே இந்தத் தவறான மருந்துக்குக் கதவைத் திறந்துவிடுகிறது. மருத்துவர் சொல்லாமல் ஆண்டுக்கணக்கில் அதனை விழுங்குவோருக்கு வைட்டமின் பி12 குறைவதும், குடல் தொற்றுகள் எளிதில் பற்றுவதும் அறியப்பட்ட விளைவுகள்.

நுரைக்கும் உப்பின் கதை இன்னும் வேடிக்கையானது. அது தண்ணீரில் கரையும்போது தானே காபனீரொட்சைட்டு வாயுவை உண்டாக்குகிறது. குடித்தவர் ஏப்பமாக வெளியேற்றுவது அந்த வாயுவைத்தான். ஏப்பம் வந்ததும் உள்ளிருந்த வாயு வெளியேறியதாக நிம்மதி கொள்கிறார். உயர் குருதியமுக்கம் உள்ளவர் நாள்தோறும் இதைக் குடித்தால் உடலில் சேரும் சோடியத்தின் அளவை எவரும் அவருக்குச் சொல்வதில்லை.

இஞ்சி தட்டிப் போட்டுக் காய்ச்சினால் பால் செரிக்கும் என்பதும், ஆடை நீக்கிய பால் கெடுதல் செய்யாது என்பதும் ஒரே வகைப் பிழைகள். கொதிநிலையில் லக்டோஸ் அழிவதில்லை. ஆடையோடு போவது கொழுப்பே தவிரச் சர்க்கரையன்று. இவற்றுக்கு மாறாக, பெயரில் 'பால்' இருப்பதனாலேயே சொதியையும் பால்கறியையும் விலக்கும் வீடுகள் உள்ளன. தேங்காய்ப்பாலில் லக்டோஸ் துளியும் இல்லை. சொதி செய்த ஒரே பிழை அந்தப் பெயரைச் சுமந்ததுதான்.

இவை பொறுத்துக்கொள்ளத் தக்கவை. பொறுக்க இயலாதது, வயிற்றோட்டம் கண்ட குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்துவது. கடும் வயிற்றோட்டத்தில் சிறுகுடலின் உட்சுவர் சேதமுற்று லக்டேஸ் தற்காலிகமாகக் குறையலாம். சுவர் ஆறியதும், பெரும்பாலும் சில வாரங்களில், அது மீளும். அந்த வாரங்களில் குழந்தைக்கு மிகத் தேவையான உணவும் நீரும் பாதுகாப்பும் தாய்ப்பாலே. பிறவியிலேயே லக்டேஸ் இல்லாத குழந்தை மிக மிக அரிது. ஆகையால் பாட்டிமாரும் அயலவரும் தயவுசெய்து அந்தத் தீர்ப்பைத் தாமே வழங்க வேண்டாம்.

பாலின் மேல் பழிபோட்டுக் காலங்கடத்துதல்

லக்டோஸ் ஒவ்வாமையால் எடை குறையாது, மலத்தில் இரத்தம் வராது, காய்ச்சல் வராது, நள்ளிரவில் தூக்கத்தைக் கலைத்து மலம் கழிக்கச் செய்யாது. இவற்றில் ஒன்று இருந்தாலும், ஐம்பதைத் தாண்டிய பெண்ணுக்குப் புதிதாகத் தோன்றிய ஊதல் நாள்தோறும் நீடித்தாலும், பாலை நிறுத்திப் பார்ப்பதில் ஒரு வாரத்தையும் செலவிட வேண்டாம். பின்னதற்குச் சூலகப் புற்றுநோயும் ஒரு காரணமாக இருக்கக்கூடும். அது தொடக்கத்தில் வெறும் வயிற்றூதலாகவே தோன்றலாம்.

எல்லாவற்றிலும் பிந்தி மருத்துவரிடம் வருவது நெஞ்சில் ஏறிய 'வாய்வு'. நடுநெஞ்சிலோ மேல்வயிற்றிலோ அழுத்தம், வியர்வை, தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் வலி, மூச்சு முட்டல் ஆகியன மாரடைப்பின் அடையாளங்கள். நீரிழிவுடையோரிடம் வலியே இல்லாமல் வெறும் வயிற்றுப் புரட்டலாகவும் அது வரும். இரவு தயிர் உண்டதனால் வந்தது என்று சொல்லி ஓமத்தண்ணீர் கொடுத்து, முதுகை நீவிவிட்டு, விடியும்வரை காத்திருக்கும் வீடுகளை நோக்கி மருத்துவர்கள் கெஞ்சுவது ஒன்றைத்தான்: காத்திருக்காதீர்கள். கிண்ணியாவிலிருந்து நகருக்கு வரப் படகுப் பாதைக்குக் காத்திருந்த காலம் 2009இல் பாலம் திறந்ததோடு முடிந்தது. 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் அவசர ஊர்தி கட்டணமின்றி வாசலுக்கு வரும். ஓமத்தண்ணீர் அடுப்பில் கொதிக்கும் நேரத்துக்குள் அந்த அழைப்பு போயிருக்க வேண்டும்.