கலப்பைக்கு அடியில் ஒரு தட்டு

நல்ல மழைக்கு மறுநாள் தோட்டத்தில் மேல்மண் பொலபொலவென்று இருக்கிறது. தண்ணீர் மட்டும் வடியாமல் தேங்கி நிற்கிறதா? அங்கே இரண்டடி நீளக் கம்பியைக் கையால் அழுத்திப் பாருங்கள். முதல் அரையடி வழுக்கிக்கொண்டு இறங்கும், பிறகு முட்டி நிற்கும். தோண்டினால், பருத்தியின் ஆணிவேர் அந்த இடத்தில் மடங்கிப் பக்கவாட்டில் ஓடியிருப்பதும் தெரியலாம்.

அந்தத் தட்டு பெரும்பாலும் நம் உழவு உண்டாக்கியது. வருஷா வருஷம் ஒரே ஆழத்தில் கொழு உரசுகிறது, டிராக்டர் சக்கரம் மிதிக்கிறது. ஈரம் காயுமுன் உழுதால் மண் இன்னும் எளிதாக இறுகிவிடும். நெல்லுக்குத் தண்ணீர் நிற்க வேண்டுமென்று சேற்றுழவில் நாமே தட்டுப் போடுகிறோம். அதே வயலில் நிலக்கடலை விதைத்தால் அது பகையாகிறது.

உழாமல் விட்டால் என்ன ஆகும்? முதலில் ஒரு வியப்பு: உழாத நிலத்தின் மேல்மண் புதிதாக உழுத மண்ணைவிடக் கெட்டியாகவே இருக்கும். இருந்தும் பல வயல்களில் தண்ணீரை அதுவே வேகமாக உறிஞ்சுகிறது. உழவு தரும் இடைவெளிகள் நிறைய இருந்தாலும் துண்டு துண்டானவை. இரண்டு மழையில் அமுங்கிவிடும். உழாத மண்ணில் பழைய வேர் மக்கிய துளையும் மண்புழு வளையும் மேலிருந்து கீழ்வரை அறுபடாமல் ஓடுகின்றன.

சில மண்புழு இனங்கள் ஒரு மீட்டருக்குமேல் செங்குத்தாக வளை தோண்டி, மேலே கிடக்கும் சருகை உள்ளே இழுத்துத் தின்னும். ஒரே உழவில் வளை அறுபடும், சருகு புதைந்துபோகும், புழுக்கள் வெளியே வந்து விழும். ஏரின் பின்னாலேயே கொக்கும் மைனாவும் வருவது சும்மாவா? 40 நாடுகளின் ஆய்வுகளைத் திரட்டி 2017-இல் வந்த ஒரு தொகுப்பு, வழக்கமாக உழும் நிலத்தைவிட உழாத நிலத்தில் புழுக்கள் சராசரியாக 137 சதவீதம் கூடுதல் என்றது.

ஆனால் இறுகிய தட்டை அப்படியே வைத்துக்கொண்டு நாளையே உழவை நிறுத்துவது அவசரம். புழு வந்து துளைக்கப் பல ஆண்டுகள் ஆகும். முதலில் மண் காய்ந்திருக்கும்போது உளிக்கலப்பையால் அரை மீட்டர் இடைவெளியில், சுமார் 40 செ.மீ. ஆழத்துக்குக் கீறிவிட வேண்டும். அதன்பின் ஈர நிலத்தில் கனரக வண்டி இறங்கக் கூடாது. தட்டையும் தாளையும் மேலேயே விட வேண்டும். மாட்டுக்கு முழுதும் போய்விட்டால் புழுவுக்கு இரை இல்லை. களை கூடுதல் தொல்லை. அதற்காகக் களைக்கொல்லியை நம்புவது இம்முறையின் பெரிய பலவீனம்.

மழைக்காலத்தில் ஓரடி நீளம், அகலம், ஆழத்தில் மண்ணை வெட்டி எடுத்துப் புழுக்களை எண்ணுங்கள். பத்து இருந்தால் நல்ல நிலம். பக்கத்தில் அடி வெட்டிய, 15 செ.மீ. விட்டமுள்ள டின்னைச் சற்றே அழுத்தி நட்டு அரை லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். அது 28 மி.மீ. மழைக்குச் சமம். அது வற்றும் நேரத்தை ஆண்டுதோறும் குறித்து வையுங்கள்.