பத்து மெகாபைட்டுக்குள் ஒரு காணொளி

திருப்பதியில் பயிலும் மாணவி ஒருவர் உதவித்தொகைக்காக இணையவழி அனுப்பிய காணொளி இருமுறை ஏற்கப்படவில்லை. சித்தூரில் வசிக்கும் அவர்தம் தந்தையார், நம் நீண்டகால வாடிக்கையாளர், மகளுடன் நம்மிடம் வந்தார். விதி இதுதான்: காலம் 30 விநாடி, கோப்பின் அளவு 10 மெகாபைட்டுக்குள்.

காரணம் ஓர் எளிய கணக்கில் அடங்கியிருந்தது. அவருடைய கைப்பேசி, 1080 தரத்தில் விநாடிக்குச் சுமார் 17 மெகாபிட் பதிவு செய்தது. முப்பது விநாடிக்கு 510 மெகாபிட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் ஆதலால், கோப்பு ஏறத்தாழ 64 மெகாபைட் ஆயிற்று. 720 தரத்திற்கு இறக்கியும் 45 மெகாபைட்டுக்குக் குறையவில்லை. ஆகவே, பதிவு செய்தபின் சுருக்கும் செயலியில் விநாடிக்கு 2 மெகாபிட் என நிர்ணயித்தோம். ஒலியும் சேர்ந்து 8 மெகாபைட்டில் முடிந்தது.

அடுத்த குறை, வெளிச்சம். சன்னலுக்கு முதுகு காட்டி அமர்ந்திருந்ததால், கேமரா வெளியொளிக்கேற்பத் தன்னைத் தணித்துக்கொள்ள, முகம் இருண்டது. சன்னலை நோக்கி அமர்த்தி, கைப்பேசியைப் புத்தகங்களின் மேல் கண்மட்டத்தில் நிறுத்தி, தலைக்கு மேல் சிறிது இடம் விட்டு, மார்பு வரை தெரியுமாறு எடுத்தோம். பின்னால் அசைந்த திரைச்சீலையையும் அகற்றினோம். சுருக்கும்போது அசையும் பொருள் தரவில் பெரும்பங்கை விழுங்கிவிட, முகம் மங்கும்.

அனுப்புமுன், சுருக்கிய கோப்பையே ஓடவிட்டு இடையில் நிறுத்திப் பாருங்கள். கண்கள் தெளிவாகத் தெரிய வேண்டும். பின்புலத்தில் பாஸ்புக் எண் தெரியலாகாது. மூலப்பதிவை, விண்ணப்பம் ஏற்கப்படும்வரை அழிக்காதீர்கள்.