மூன்று புள்ளிகளில் ஒரு அணைச் சரிவு

மணிமுத்தாறு அணையின் நீர்மட்டம் இத்தனை அடி என்று மழைக்காலத்தில் நாளிதழ்கள் தினமும் சொல்லும். 118 அடி வந்தால் அணை நிரம்பிவிட்டது. அந்தத் தண்ணீரைத் தாங்கி நிற்பதில் பெரும்பகுதி மண் கரைதான். 1950களில் கட்டப்பட்ட இந்த அணையில் நடுவே மதகுப் பகுதி கட்டுமானமாக இருக்க, இரு பக்கமும் மண் அணை நீண்டு கிடக்கிறது.

மண் அணையைக் கண்காணிப்பவர்கள் முதலில் பார்ப்பது அதன் சரிவைத்தான். தண்ணீர் நிற்காத பக்கத்து வெளிச்சரிவில் ஓரிடம் புடைத்திருந்தாலும் உள்வாங்கியிருந்தாலும் உள்ளே மண் நகர்கிறதோ என்ற சந்தேகம் வரும். புல் மூடிய பெரிய சரிவில் ஒரு சாண் புடைப்பு கண்ணுக்குத் தெரியாது. அளந்துதான் கண்டுபிடிக்க வேண்டும். அந்த அளவீட்டுக்கு அடியில் இருப்பது பன்னிரண்டாம் வகுப்பு வெக்டர் பாடத்தில் வரும் கணக்குதான்: மூன்று புள்ளிகள் வழியே செல்லும் தளத்தின் சமன்பாடு, அந்தத் தளத்திலிருந்து நான்காவது புள்ளியின் தூரம்.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்ப்போம். இதில் வரும் எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. மணிமுத்தாறில் அளந்தவை அல்ல.

புள்ளிகளைக் குறித்தல்

அணையின் மேல்விளிம்பில் ஒரு முனையை எடுத்துக்கொள்வோம். அங்கிருந்து அணையின் நீளவாக்கில் போகும் தூரம் x. அணையை விட்டு வெளிப்பக்கமாகக் கிடைமட்டத்தில் போகும் தூரம் y. அணையின் அடித்தரையிலிருந்து உயரம் z. எல்லாமே மீட்டரில். டோட்டல் ஸ்டேஷன் கருவியை நிறுத்திச் சரிவில் மூன்று இடங்களை அளந்ததில் இப்படிக் கிடைத்ததாக வைத்துக்கொள்வோம்:

A (0, 4, 28)
B (50, 10, 25)
C (20, 40, 10)

தளத்தைப் பிடித்தல்

ஒரு தளம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று சொல்ல, அதற்குச் செங்குத்தாக நிற்கும் ஒரே ஒரு வெக்டர் போதும். சரிவில் ஒரு கம்பை அந்தச் சரிவைப் பொறுத்து எந்தப் பக்கமும் சாயாமல் குத்தி நிறுத்தினால் அது காட்டும் திசைதான் அந்த வெக்டர். அது சரிவின் மேல் போகும் எல்லாக் கோடுகளுக்கும் செங்குத்தாக இருக்கும்.

சரிவின் மேல் போகும் இரண்டு கோடுகள் நம் கையில் இருக்கின்றன.

AB = (50, 6, −3)
AC = (20, 36, −18)

இவ்விரண்டுக்கும் செங்குத்தான திசையை வெக்டர் பெருக்கல் தரும்:

x பகுதி: 6×(−18) − (−3)×36 = 0
y பகுதி: (−3)×20 − 50×(−18) = 840
z பகுதி: 50×36 − 6×20 = 1680

(0, 840, 1680) என்று வருகிறது. திசை மட்டுமே வேண்டும் என்பதால் 840ஆல் வகுத்து (0, 1, 2) என்று சுருக்கிக்கொள்ளலாம். இந்த மூன்று எண்களும் அப்படியே சமன்பாட்டின் கெழுக்கள் ஆகின்றன: 0x + 1y + 2z = d. A புள்ளியைப் போட்டால் 4 + 56 = 60. ஆக, தளத்தின் சமன்பாடு

y + 2z = 60

இங்கேயே சரிபார்த்துவிட வேண்டும். B-க்கு 10 + 50 = 60. C-க்கு 40 + 20 = 60. மூன்றில் ஒன்று பொருந்தாமல் போனாலும் பெருக்கலில் குறி எங்கோ மாறியிருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் அது y பகுதியில்தான் நடக்கும்.

இந்தச் சமன்பாட்டில் x இல்லை. அதாவது அணையின் நீளவாக்கில் எவ்வளவு நடந்தாலும் சரிவு மாறவில்லை. y இரண்டு மீட்டர் கூடினால் z ஒரு மீட்டர் குறைகிறது. கட்டுமானக்காரர்கள் இரண்டுக்கு ஒன்று என்று சொல்லும் சரிவு இதுதான்.

நான்காவது புள்ளி

சரிவில் சந்தேகப்படும் இடம் P (30, 24, 18.2). சமன்பாட்டின் இடப்பக்கத்தில் போட்டால் 24 + 36.4 = 60.4. 60 வரவில்லை, ஆகவே P தளத்தில் இல்லை. 0.4 மிச்சம் நிற்கிறது.

இந்த 0.4 தூரம் அல்ல. சமன்பாட்டை இரண்டால் பெருக்கி 2y + 4z = 120 என்று எழுதினாலும் அதே தளம்தான்; மிச்சம் மட்டும் 0.8 ஆகிவிடும். அதனால் செங்குத்து வெக்டரின் நீளத்தால் வகுக்க வேண்டும். (0, 1, 2) என்ற வெக்டரின் நீளம் √(0 + 1 + 4) = √5, அதாவது 2.236. தூரம் 0.4 ÷ 2.236 = 0.179 மீட்டர். ஏறக்குறைய 18 செ.மீ.

பொதுவாக எழுதினால், ax + by + cz = d என்ற தளத்திலிருந்து (x₁, y₁, z₁) என்ற புள்ளியின் தூரம்

|ax₁ + by₁ + cz₁ − d| ÷ √(a² + b² + c²)

பாடப்புத்தகத்தில் தூரத்துக்குக் குறி தேவையில்லை என்பதால் மட்டுக்குறி போடுகிறார்கள். அணையில் குறியை விட்டுவிடக் கூடாது. நம் செங்குத்து வெக்டர் வெளிப்பக்கம் பார்ப்பதால் மிச்சம் கூட்டல் குறியில் வந்தால் புடைப்பு, கழித்தல் குறியில் வந்தால் உள்வாங்கல்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். y = 24 என்ற இடத்தில் சரிவு 18 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும்; P 18.2இல் இருக்கிறது. தூக்குக்குண்டு நூலைப் பிடித்து அளந்தால் வித்தியாசம் 20 செ.மீ. வரும், சரிவுக்குச் செங்குத்தாக அளந்தால் 18தான் வரும். இரண்டும் சரியான அளவுகளே. ஒரு முறை இதையும் மறுமுறை அதையும் குறித்துவைத்துவிட்டு, 2 செ.மீ. நகர்ந்துவிட்டது என்று சொல்லிவிடக் கூடாது.

எங்கே ஏமாற்றும்

மூன்று புள்ளிகளும் ஒரே கோட்டில் இருந்தால் வெக்டர் பெருக்கல் (0, 0, 0) என்று வரும். ஒரு கோட்டின் வழியே எண்ணற்ற தளங்கள் போகலாம் என்பதால் கணக்கு அங்கேயே நின்றுவிடும். இதில் ஆபத்தில்லை, தவறு உடனே தெரிந்துவிடுகிறது.

கிட்டத்தட்ட ஒரே கோட்டில் இருக்கும் புள்ளிகள்தான் ஏமாற்றும். மேலே இரண்டு புள்ளிகளை y = 4 இலும், மூன்றாவதை வெறும் 2 மீட்டர் தள்ளி y = 6 இலும் எடுத்தால் விடை வரத்தான் செய்யும். ஆனால் மூன்றாவது புள்ளியின் உயரத்தில் 1 செ.மீ. பிழை இருந்தால், 20 மீட்டர் தள்ளியிருக்கும் P-யின் இடத்தில் அது 10 செ.மீ. ஆகிவிடும். இல்லாத புடைப்பு ஒன்று முளைத்துவிடும். அதனால்தான் மூன்று புள்ளிகளையும் சரிவில் நன்றாக விரித்து எடுத்து, சோதிக்க வேண்டிய இடம் அவை அமைக்கும் முக்கோணத்துக்குள் விழும்படி பார்த்துக்கொள்கிறார்கள். நம் P அப்படித்தான் விழுகிறது.

மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரு தளத்தில் கச்சிதமாகப் பொருந்திவிடும் என்பதும் ஒரு குறைதான். அவற்றில் ஒன்றைத் தப்பாக அளந்திருந்தாலும் காட்டிக்கொடுக்க வேறு புள்ளி இல்லை. ஆகவே களத்தில் பல புள்ளிகளை அளந்து, எல்லாவற்றுக்கும் நெருக்கமாகப் போகும் தளத்தைக் கணக்கிடுவார்கள். சரிவின் நடுவே படி விட்டிருந்தால் படிக்கு மேலே ஒரு தளம், கீழே ஒரு தளம் என்று தனித்தனியாக எடுக்க வேண்டும்.

இனி அந்த 18 செ.மீ. மண் அணையின் சரிவைக் கட்டும்போதே கண்ணாடிபோல் மட்டமாக யாரும் கட்டுவதில்லை; ஒரே ஒரு அளவை வைத்து எதுவும் சொல்ல முடியாது. முதல் அளவீட்டில் கிடைத்த தளத்தை மாற்றாமல் வைத்துக்கொண்டு, அணைக்கு வெளியே உறுதியான நிலத்தில் உள்ள குறிகற்களிலிருந்து அதே இடங்களை மறுபடி மறுபடி அளக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் 18 அப்படியே நின்றால் அது கட்டியபோதே இருந்த மேடு. கீழ்ப்பகுதிப் புள்ளிகளில் கூட்டல் எண் வளர்ந்து, அதே வேளையில் மேல்விளிம்பை ஒட்டிய புள்ளிகளில் கழித்தல் எண் வளர்ந்தால், மேலே மண் இறங்கிக் கீழே தள்ளுகிறது என்று அர்த்தம். பொறியாளரை அழைக்க வேண்டிய நேரம் அது.