மாறி சிக்கிக்கொள்ளும் இடம்

∃y (y > x) என்ற வாய்பாடு, x-ஐவிடப் பெரிய எண் ஒன்று உண்டு என்கிறது. இயல் எண்களில் இது எப்போதும் உண்மை. இங்கே x கட்டற்ற மாறி. அதன் இடத்தில் எந்த எண்ணையும் வைக்கலாம். y-யோ ∃ குறியால் கட்டுண்டது. அதன் பெயரை இரண்டு இடத்திலும் z என மாற்றினாலும் பொருள் அப்படியே நிற்கும்.

x-க்குப் பதில் 5 வைத்தால் தொல்லையில்லை. y+1 வைத்தால் ∃y (y > y+1) என்றாகும். தன்னோடு ஒன்றைக் கூட்டிய எண்ணைவிடத் தானே பெரிதான எண் எங்கே இருக்கிறது? உண்மை பொய்யாகிவிட்டது. வெளியிலிருந்து கட்டற்று வந்த y, உள்ளே இருந்த ∃y-யின் பிடியில் அகப்பட்டதே காரணம். எழுத்துப் பிழை எதுவும் இல்லாததால் இது கண்ணில் படுவதுமில்லை.

எனவே, பதிலிடுமுன் கட்டுண்ட மாறிக்கு, y+1-இல் இல்லாத புதுப்பெயர் தரவேண்டும்: ∃z (z > x). பிறகு கிடைப்பது ∃z (z > y+1), இது உண்மை.