ரெண்டு மணி நேரத்தைத் தாண்டிட்டா ரீஃபண்ட் கிடைக்காதா? – கடைக்கு எழுதுற கடிதம்

இந்த எபிசோட்ல ஒரே ஒரு விஷயம்தான். காசு கொடுத்து கேம் வாங்கியாச்சு, என்னென்னவோ சரி பண்ணிப் பார்த்தாச்சு, ஓடவே மாட்டேங்குது. இப்போ கடைக்கு என்ன எழுதணும்?

முதல்ல விதி. ஸ்டீம்ல, வாங்கி 14 நாளுக்குள்ள, 2 மணி நேரத்துக்குக் குறைவா விளையாடியிருந்தா, காரணம் எதுவா இருந்தாலும் பணம் திரும்பக் கிடைக்கும். சிக்கல் அந்த 2 மணி நேரத்துலதான். கேம் திறந்திருக்கிற நேரத்தைத்தான் கடிகாரம் எண்ணுது. நீங்க உண்மையிலேயே விளையாடினீங்களா, இல்ல ஷேடர் கம்பைல் ஆகுறதைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தீங்களான்னு அதுக்குத் தெரியாது. 2023 மார்ச்ல 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1' பிசிக்கு வந்தப்போ நிறைய பேர் மாட்டினது இதுலதான்.

ஒரு உதாரணம் வெச்சுக்குவோம். காட்டுப்பள்ளி துறைமுகத்துல ஷிஃப்ட் வேலை பார்க்கிற ஒருத்தர். 2,999 ரூபாய்க்கு கேம் வாங்கினார். ஷிஃப்ட் முடிஞ்சு வந்து தினம் ஒரு வழியா முயற்சி பண்றார்: கேம் ஃபைல்களைச் சரிபார்த்தார், கிராபிக்ஸ் டிரைவரைப் புதுசாக்கினார், ஓவர்லேயை அணைச்சார், புது பேட்ச் வந்ததும் போட்டார். ஒவ்வொரு தடவையும் முதல் லெவல் லோட் ஆகும்போதே கிராஷ். 9-ம் நாள் கணக்குல 157 நிமிஷம். "2 மணி நேரத்துக்கு மேல ஆயிடுச்சு"ன்னு தானா வர்ற பதில் அவர் கோரிக்கையை மறுத்துடுது.

இங்கதான் கடிதம். "கேம் மோசம், பணத்தைக் கொடு"ன்னு எழுதினா படிக்கிறவர் கையில ஒண்ணுமில்ல. அந்த 157 நிமிஷத்தை உடைச்சுக் காட்டணும். ஷேடர் கம்பைல் 3 தடவை, தலா 25 நிமிஷம், மொத்தம் 75. டிரைவர் மாத்தினா அது மறுபடி முதல்ல இருந்து ஓடும். மெனுவுல செட்டிங் மாத்தினது 48. லோடிங் திரையில இருந்து கிராஷ் வரைக்கும் 34. கூட்டினா 157. விளையாடினது பூஜ்யம்.

அடுத்து ஆதாரம். விண்டோஸ்ல ஈவன்ட் வியூவர் திறந்து, அப்ளிகேஷன் லாக்ல கிராஷ் ஆன நேரத்தைப் பாருங்க. இப்படி ஒண்ணு இருக்கும்:

```
Event ID: 1000
Source: Application Error
Exception code: 0xc0000005
```

எல்லாத் தடவையும் ஒரே கோடு, ஒரே மாட்யூல் பேர் வந்தா, அதே இடத்துலதான் திரும்பத் திரும்ப விழுதுன்னு காட்டலாம். கூடவே `dxdiag` அறிக்கையையும் சேர்த்து வைங்க. ஆனா அதுக்கு முன்னாடி, உங்க மெஷின் கடைப் பக்கத்துல போட்டிருக்கிற குறைந்தபட்சத் தேவையைத் தாண்டுதான்னு பாருங்க. தாண்டலைன்னா இந்தக் கடிதம் நிக்காது.

கடிதம் இவ்வளவுதான்:

"ஐயா/அம்மா, ஆர்டர் எண் —, வாங்கிய தேதி —, தொகை ரூ. 2,999. என் கணினி தங்கள் பக்கத்தில் உள்ள குறைந்தபட்சத் தேவையைப் பூர்த்தி செய்கிறது, அறிக்கை இணைப்பில். 11 முறை திறந்தும் முதல் லெவல் ஒருமுறையும் தொடங்கவில்லை. பதிவான 157 நிமிடங்களில் 75 ஷேடர் தயாரிப்பு, 48 மெனு, 34 லோடிங். செய்து பார்த்த 4 திருத்தங்களும் அவற்றின் தேதிகளும் கீழே. பொருள் இயங்காததால், செலுத்திய வழியிலேயே முழுத் தொகையையும் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்."

ஆங்கிலத்துல எழுதினாலும் இதே வரிசைதான். வரம்பைத் தாண்டினாலும் கேட்கலாம், பார்க்கிறோம்னு ஸ்டீமோட விதியே சொல்லுது. இதுக்கு முன்னுதாரணமும் இருக்கு. 2015 ஜூன்ல பிசிக்கு வந்த 'பேட்மேன்: ஆர்க்கம் நைட்' ரொம்ப மோசமா ஓடி, விற்பனையையே நிறுத்தினாங்க. பேட்ச் மேல பேட்ச் போட்டு அக்டோபர்ல திரும்ப வந்தும் புகார் ஓயலை. கடைசியில, எவ்வளவு நேரம் விளையாடியிருந்தாலும் அந்த வருஷக் கடைசி வரைக்கும் முழுப் பணமும் தர்றோம்னு அறிவிச்சாங்க.

மறுபடியும் இல்லைன்னே பதில் வந்தா, அதே கடிதத்தைக் கடையோட குறைதீர்ப்பு அதிகாரிக்கு அனுப்புங்க. இந்தியாவோட 2020 மின்வணிக விதிகள் டிஜிட்டல் பொருளுக்கும் பொருந்தும். 48 மணி நேரத்துல புகார் கிடைச்சதுன்னு ஒப்புகை தரணும், ஒரு மாசத்துல தீர்வு சொல்லணும். அதுவும் நடக்கலைன்னா 1915 உதவி எண். அப்புறம்தான் நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்க குடியிருக்கிற இடத்துலயே வழக்குப் போடலாம், அதனால காட்டுப்பள்ளிக்காரர் திருவள்ளூர் மாவட்ட ஆணையத்துக்குப் போனா போதும். 5 லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணம் கிடையாது, 2 வருஷத்துக்குள்ள போடணும்.

கடைசியா ஒண்ணு. கோபத்துல பேங்க்ல சொல்லி சார்ஜ்பேக் போட்டுடாதீங்க. கடை உங்க கணக்கையே முடக்கலாம், அதுல இருக்கிற மத்த கேமும் சேர்ந்து பூட்டிக்கும். அதுக்கு முன்னாடி கடிதத்தை அனுப்பிட்டு, பதில் வர்ற வரைக்கும் அந்த கேமைத் திறக்காம இருங்க. திறக்கிற ஒவ்வொரு நிமிஷமும் அந்தக் கணக்குலதான் ஏறும்.